மின்னஞ்சல் போன பிறகு லைசன்ஸை மீட்பது: இன்வாய்ஸும் ஆர்டர் எண்ணும் எப்படி உதவும்

பல வருடங்களுக்கு முன் முழுப் பணமும் கட்டி வாங்கிய மென்பொருள். புதிய கணினியில் நிறுவி உள்ளே நுழையப் போனால், 'உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம்' என்று திரை சொல்கிறது. அந்த முகவரியோ இப்போது கையில் இல்லை. பழைய வேலையோடு போயிருக்கலாம், புதுப்பிக்காமல் விட்ட டொமைனோடு போயிருக்கலாம், நெடுநாள் திறக்காததால் சேவை நிறுவனமே மூடியிருக்கலாம். வாங்கியது நாம்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை எதிர்முனையில் இருப்பவருக்கு நிரூபிக்க வேண்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, பழைய கணினியைத் துடைத்துவிடுவது. மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்று இருந்தால் அதில் எதையும் நீக்காதீர்கள், கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள், 'டீஆக்டிவேட்' பொத்தானைத் தொடாதீர்கள். திரும்ப உள்ளே நுழைய வழியில்லாத நிலையில் வெளியேறினால், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுவிடும். அதோடு, அந்தக் கணினியே ஒரு சாட்சி. மென்பொருளின் 'எபவுட்' சாளரத்தில் யார் பெயருக்குப் பதிவாகியிருக்கிறது, எந்தப் பதிப்பு, லைசன்ஸ் கீயின் கடைசி எழுத்துகள் என்ன என்பவை பெரும்பாலும் தெரியும். அதை முழுத் திரையாகப் படம் எடுத்து வையுங்கள். லைசன்ஸ் கோப்பு இருக்கும் கோப்புறையையும் நகல் எடுங்கள். விண்டோஸில் `%APPDATA%`, `%PROGRAMDATA%` இரண்டிலும் அந்த மென்பொருளின் பெயரில் தேடுங்கள். மேக்கில் `~/Library/Application Support`.

எந்த முகவரி என்பதே தவறாக இருக்கலாம்

'அந்த மின்னஞ்சலில் கணக்கே இல்லை' என்று பதில் வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். நாம் நினைக்கும் முகவரி வேறு, அவர்கள் தரவுத்தளத்தில் இருக்கும் முகவரி வேறு என்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஜிமெயிலுக்குப் பெயரின் நடுவில் உள்ள புள்ளி ஒரு பொருட்டே இல்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே இன்பாக்ஸுக்குத்தான் வரும். ஆனால் மென்பொருள் நிறுவனத்தின் கணினிக்கு அவை பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு ஆட்கள். `peyar+kadai@gmail.com` என்று கூட்டல் குறி போட்டுப் பதிந்திருந்தாலும் இதே கதைதான். ஆப்பிள் கணக்கு வழியாக 'மின்னஞ்சலை மறை' என்று தேர்ந்து பதிந்திருந்தால், அவர்களிடம் இருப்பது `@privaterelay.appleid.com` என்று முடியும் ஒரு முகவரி. உங்கள் சொந்த முகவரியை அவர்கள் பார்த்ததே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உலாவி சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொல் பட்டியல். ஃபயர்ஃபாக்ஸில் `about:logins`, குரோமில் `chrome://password-manager/passwords`. அங்கே அந்த நிறுவனத்தின் தளப் பெயரைத் தேடினால், கடவுச்சொல்லோடு பயனர் பெயராக எந்த முகவரி கொடுத்தீர்கள் என்பதும் எழுத்துப் பிசகாமல் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

டொமைன் போயிருந்தால் ஒரு குறுக்கு வழி

முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருந்து, அது காலாவதியாகியிருந்தால், ஆதாரம் தேடுவதற்கு முன் அதன் இன்றைய நிலையைப் பாருங்கள். `.com` போன்ற பொது டொமைன்களுக்குக் காலாவதிக்குப் பின் 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. அதில் எத்தனை நாள் தருவது என்பது பதிவு நிறுவனத்தின் விருப்பம். பதிவு நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கூடுதல் கட்டணம். கடைசியாக 5 நாள் யாரும் தொட முடியாத நிலை. பிறகு அது யாரும் வாங்கக்கூடிய பெயர். இன்னும் யாரும் வாங்கவில்லை என்றால் நீங்களே திரும்பப் பதிந்து, அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை அமைத்து, எந்தப் பெயருக்கு அஞ்சல் வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி 'கேட்ச்-ஆல்' வைத்துவிட்டால், கடவுச்சொல் மாற்றும் அஞ்சல் நேராக உங்களிடமே வரும். இன்வாய்ஸே தேவைப்படாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டொமைன் செத்துக் கிடந்த நாட்களில் நிறுவனம் அனுப்பிய அஞ்சல்கள் திரும்பிப் போயிருக்கும். அப்படித் திரும்பிய முகவரிகளை அஞ்சல் அனுப்பும் சேவைகள் தடைப் பட்டியலில் போட்டுவிடுகின்றன. அதன் பிறகு நீங்கள் எத்தனை முறை 'மறந்துவிட்டேன்' பொத்தானை அழுத்தினாலும் திரையில் 'அனுப்பிவிட்டோம்' என்றுதான் வரும். அஞ்சலோ கிளம்பியே இருக்காது. வேறொரு முகவரியிலிருந்து நீங்கள் அனுப்பும் சோதனை அஞ்சல் வருகிறது, அவர்களுடையது மட்டும் வரவில்லை என்றால் இதுதான் காரணம் என்று சந்தேகிக்கலாம். உதவிக் குழுவிடம் 'என் முகவரியைத் தடைப் பட்டியலிலிருந்து எடுங்கள்' என்று கேட்டால் போதும். அவர்களுக்கு அது சிறிய வேலை. பழைய முதலாளியின் டொமைனுக்கு மட்டும் இந்த வழியை முயலக் கூடாது. அங்கே வரும் அஞ்சல்கள் உங்களுடையவை அல்ல.

இன்வாய்ஸ் எதற்காகக் கேட்கிறார்கள்

டொமைன் வழி அடைபட்டிருந்தால், உதவிக் குழுவுக்கு எழுதித்தான் ஆக வேண்டும். எழுதுவதற்கு முன், எதிர்முனையில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது.

பிடிஎஃப் இன்வாய்ஸை யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் தயாரித்துவிடலாம். அது உதவிக் குழுவில் இருப்பவருக்கும் தெரியும். அதனால் இன்வாய்ஸின் தோற்றத்தைப் பார்த்து அவர் நம்புவதில்லை. அதிலுள்ள ஆர்டர் எண்ணைத் தன் தரவுத்தளத்தில் தட்டுகிறார். வரும் பதிவில் உள்ள பெயர், தேதி, பொருள், எண்ணிக்கை ஆகியவை நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். பிறகு, இன்வாய்ஸில் இல்லாத, ஆனால் பணம் கட்டியவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்கிறார். கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், பில் முகவரியின் அஞ்சல் குறியீடு, பணப் பரிமாற்ற எண் ஆகியவற்றில் ஒன்று. ஆக இன்வாய்ஸ் அவரை அவருடைய சொந்தப் பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழி. தீர்ப்பு அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. எண்ணைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் தட்டி அனுப்ப வேண்டும். மங்கலான படத்தில் பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும் ஒன்றாகத் தெரியும். 'அப்படி ஓர் ஆர்டரே இல்லை' என்ற பதிலுக்கு இதுவே போதும். இரண்டாவது, இன்வாய்ஸை உதவி கேட்டுப் பொதுவெளியில் போடவே கூடாது. பழைய முகவரியும் ஆர்டர் எண்ணும் சேர்ந்து வெளியே போனால், நீங்கள் சொல்லப் போகும் கதையையே இன்னொருவரும் சொல்லலாம்.

எண்கள் பல, ஆர்டர் எண் ஒன்று

என் கணிப்பில், நியாயமான கோரிக்கைகள் தோற்பதற்கு முதல் காரணம் தவறான எண்ணைக் கொடுப்பது. ஒரே வாங்குதலுக்கு நான்கைந்து எண்கள் இருக்கும். லைசன்ஸ் கீ மென்பொருளைத் திறக்க. ஆர்டர் எண் விற்றவரின் கடைப் பதிவு. இன்வாய்ஸ் எண் அவருடைய கணக்கு வழக்குக்கு, ஆர்டர் எண்ணிலிருந்து அது பெரும்பாலும் வேறு. பரிமாற்ற எண் பணம் கடந்துபோன வாயிலுடையது. பேபால் வழியாகக் கட்டியிருந்தால் அது எழுத்தும் இலக்கமும் கலந்த 17 இடங்கள். உதவிக் கோரிக்கைக்குக் கிடைக்கும் டிக்கெட் எண்ணையும் சிலர் ஆர்டர் எண் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

எண்ணைவிட முக்கியம், அது யாருடைய எண் என்பது. சிறிய, நடுத்தர மென்பொருள் நிறுவனங்கள் பல நேரடியாக விற்பதில்லை. பணம் வாங்குவது, வரி கட்டுவது, இன்வாய்ஸ் தருவது எல்லாவற்றையும் இடையில் ஒரு விற்பனை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. இன்வாய்ஸின் தலைப்பில் மென்பொருள் பெயர் பெரிதாகவும், விற்பவர் என்ற இடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் சிறிதாகவும் இருந்தால் அப்படித்தான். வங்கி அறிக்கையிலும் இது தெரியும். `PADDLE.NET*` என்றோ `FS *` என்றோ தொடங்கும் வரி, முறையே பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் என்ற இடைநிலை விற்பனையாளர்கள் வழியாகப் போன பணம். நட்சத்திரக் குறிக்குப் பின்னால் இருப்பது மென்பொருளையோ அதை உருவாக்கியவரையோ குறிக்கும் சுருக்கப் பெயர். மென்பொருளின் பெயரை மட்டும் வைத்து அறிக்கையில் தேடியவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

இப்படி விற்றிருந்தால் கதவு ஒன்றல்ல, இரண்டு. இன்வாய்ஸின் நகலைத் தர விற்பனை நிறுவனத்தால் முடியும், லைசன்ஸ் கணக்கின் முகவரியை மாற்ற அதனால் முடியாது. மாற்ற முடிந்தவர் மென்பொருளை உருவாக்கியவர். அவரிடம் பணப் பதிவு முழுமையாக இருக்காது. இருவரும் 'மற்றவரைக் கேளுங்கள்' என்று அனுப்புவது அலைக்கழிப்பு போலத் தெரிந்தாலும், பல நேரம் உண்மையிலேயே அவரவரிடம் பாதிதான் இருக்கிறது.

அஞ்சலைத் தோண்டும்போது

இன்பாக்ஸ் மூடிப்போனாலும், பழைய கணினியின் அஞ்சல் நிரலில் நகல் இருக்கலாம். அந்த நிரலைத் திறப்பதற்கு முன் இணையத்தைத் துண்டியுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஐமேப் கணக்கு என்றால், நிரல் சர்வரோடு பேசி, அங்கே காலியாக இருந்தால் இங்கேயும் காலி செய்துவிடக்கூடும். முதலில் கோப்புறையை முழுதாக நகல் எடுங்கள், பிறகு திறங்கள். அவுட்லுக்கின் `.ost` கோப்பு அது உருவான கணக்கு அமைப்போடு பிணைந்தது. நிரலிலிருந்து அந்தக் கணக்கை நீக்கிவிட்டால் பிறகு சாதாரணமாகத் திறக்காது. எனவே நீக்கும் முன் `.pst` ஆக ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

தண்டர்பேர்ட் அஞ்சல்களை வழக்கமாக எம்பாக்ஸ் என்ற எளிய உரைக் கோப்பாகவே வைக்கிறது. நகலின் மீது, மேக் அல்லது லினக்ஸ் டெர்மினலில் இப்படித் தேடலாம்:

```
grep -a -n -i -E '^(Subject|From):.*(order|invoice|receipt|licen[cs]e)' INBOX
```

கிடைக்கும் வரி எண்ணைப் பிடித்து அந்த அஞ்சலுக்குப் போகலாம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் அஞ்சல் இல்லை என்று அர்த்தமில்லை. தலைப்பு `=?UTF-8?B?` என்று குறியேற்றம் பெற்றிருந்தால் இந்தத் தேடலில் சிக்காது. இணைப்பாக வந்த பிடிஎஃப்பும் குறியேற்றப்பட்டுத்தான் உள்ளே கிடக்கும். அதனால் விற்பனை நிறுவனத்தின் பெயரை வைத்து `From` வரியில் ஒரு முறை தேடுங்கள். அனுப்புநர் முகவரி குறியேற்றம் ஆவதில்லை.

ஓர் உதாரணம், தொடக்கம் முதல்

ஒலித் தொகுப்பு மென்பொருள் ஒன்று, ஆயுள் லைசன்ஸ், 2019 மார்ச்சில் வாங்கியது. கணக்கு முகவரி `studio@example.com`. டொமைனை 2022-இல் விட்டாயிற்று, இப்போது வேறு ஒருவர் கையில். அஞ்சல் நகலும் இல்லை. எஞ்சியிருப்பது பழைய கணினியில் ஓடும் மென்பொருளும், எந்தக் கார்டில் கட்டினோம் என்ற நினைவும் மட்டும்.

முதலில் வங்கியிடம் 2019 மார்ச், ஏப்ரல் அறிக்கைகளைப் பெற வேண்டும். அந்தக் கார்டு இப்போது மாறியிருக்கும். இன்றைய கார்டின் கடைசி நான்கு இலக்கங்களைக் கொடுத்தால் ஒத்துப்போகாது. பழைய அறிக்கையில் உள்ள பழைய இலக்கங்கள்தான் வேண்டும். கைப்பேசியின் பணப்பை வழியாகக் கட்டியிருந்தால் இன்னும் ஒரு நுணுக்கம்: ரசீதில் பதிவாகும் நான்கு இலக்கங்கள் கார்டினுடையவை அல்லாமல் அந்தச் சாதனத்துக்குத் தரப்பட்ட எண்ணின் இலக்கங்களாக இருக்கலாம். அப்படியானால் இரண்டையும் சொல்லி, ஏன் இரண்டு என்றும் சொல்லிவிடுங்கள்.

அறிக்கையில் மார்ச் 16 தேதியிட்ட ஒரு வரி கிடைக்கிறது. இது வங்கியில் பதிவான நாள். ஆர்டர் நாள் ஒன்றிரண்டு நாள் முன்னதாக இருக்கும். இரவில் வாங்கியிருந்தால் நேர மண்டல வித்தியாசத்தால் இன்னொரு நாள் தள்ளிப்போகும். எனவே 'மார்ச் 13 முதல் 16-க்குள்' என்று சொல்வது, துல்லியமாகத் தோன்றும் ஒரு தவறான தேதியைச் சொல்வதைவிட நல்லது. தொகையும் அப்படித்தான். வேற்று நாணயத்தில் வாங்கியிருந்தால் அறிக்கையில் மூல நாணயத் தொகை தனியாக இருக்கும், அதைத்தான் கொடுக்க வேண்டும். மாற்றிய தொகை விற்றவரின் பதிவில் எங்குமே இருக்காது.

இந்த விவரங்களோடு முதல் அஞ்சல் விற்பனை நிறுவனத்துக்கு. கேட்பது ஒன்றே ஒன்று: ஆர்டர் எண்ணும் இன்வாய்ஸ் நகலும். 'லைசன்ஸ் வேலை செய்யவில்லை' என்று இங்கே எழுதினால், உருவாக்கியவரைக் கேளுங்கள் என்று திருப்பிவிடுவார்கள். அவர்கள் தேடி, `ABC190315-2207-61538` போன்ற ஓர் எண்ணைத் தருவார்கள். சில விற்பனைத் தளங்களின் எண்ணுக்குள்ளேயே ஆண்டு, மாதம், நாள் இருக்கும். இதில் `190315` என்பது 2019 மார்ச் 15. அறிக்கையோடு பொருந்துகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம். இன்வாய்ஸ் நகலைப் பழைய முகவரிக்குத்தான் அனுப்புவோம் என்று அவர்கள் அடம்பிடித்தால், எண்ணை மட்டுமாவது உறுதிசெய்யச் சொல்லுங்கள். அதுவே போதுமானது. ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும்: பழைய டொமைன் இப்போது அந்நியர் கையில் இருக்கிறது, அங்கே எதையும் அனுப்பாதீர்கள்.

இரண்டாவது அஞ்சல் உருவாக்கியவருக்கு. இப்படி இருந்தால் போதும்:

> ஆர்டர் எண் ABC190315-2207-61538. வாங்கியது 2019 மார்ச் 15, ஒரு பயனர் லைசன்ஸ், பதிப்பு 4. கணக்கு முகவரி studio@example.com. அந்த டொமைன் 2022-இல் என் கையை விட்டுப் போய்விட்டது, இப்போது அது வேறொருவருடையது. எனவே அந்த முகவரிக்கு எதையும் அனுப்ப வேண்டாம். லைசன்ஸ் இருக்கும் கணக்கின் முகவரியை, இந்த அஞ்சல் வரும் முகவரிக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்வாய்ஸ், பழைய கணினியின் 'எபவுட்' சாளரப் படம், பணம் கட்டிய வங்கி வரி ஆகியவை இணைப்பில். வேறு சரிபார்ப்பு தேவையென்றால் சொல்லுங்கள்.

வாசிப்பவர் முதல் வரியிலேயே எண்ணை எடுத்துத் தேடத் தொடங்கலாம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் பலம். எப்போது வாங்கினேன், எவ்வளவு ஆசையாகப் பயன்படுத்தினேன் என்பதெல்லாம் மேலே வந்தால் எண் கீழே புதைந்துபோகும்.

வங்கி அறிக்கையை அனுப்பும்போது அந்த ஒரு வரி, உங்கள் பெயர், கடைசி நான்கு இலக்கங்கள் தவிர எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். பிடிஎஃப்பின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் மறைந்ததாகத் தோன்றும், ஆனால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், தேர்ந்தெடுத்து நகல் எடுத்தால் வெளியே வந்துவிடும். மறைத்த பின் அதைப் படமாக்கி, படத்தை அனுப்புங்கள். முழுக் கார்டு எண்ணை யாரும் கேட்க வேண்டிய தேவையே இல்லை. கேட்டால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் இடம் சரிதானா என்று பாருங்கள்.

ஆதாரம் இருந்தும் மறுக்கப்படும் இடங்கள்

இன்வாய்ஸில் 'பில் பெறுபவர்' இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால், லைசன்ஸ் அந்த நிறுவனத்துடையது. அங்கே வேலை பார்த்தபோது உங்கள் முகவரியில் பதிந்திருந்தாலும், உங்கள் கார்டிலேயே கட்டிப் பின்னர் திரும்பப் பெற்றிருந்தாலும், உதவிக் குழு பெயரைத்தான் பார்க்கும். இதை வாதாடி வெல்வது கடினம். நிறுவனத்தின் சார்பில் ஒருவர் அந்த நிறுவன டொமைனிலிருந்தே கோரிக்கை அனுப்பினால் எளிதில் முடியும்.

வெறும் லைசன்ஸ் கீயை மட்டும் விற்கும் மூன்றாம் நபர்களிடம் வாங்கியிருந்தால், அவர்கள் தந்த ரசீது எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், உருவாக்கியவரின் பதிவில் ஆர்டர் வேறொருவர் பெயரில்தான் இருக்கும். அங்கே போகும் வழி அந்த விற்பவர் மூலமாக மட்டுமே.

விற்பனை நிறுவனமே மூடிப்போவதும் உண்டு. மென்பொருள் விற்பனையில் பல வருடம் பெரிய இடத்தில் இருந்த டிஜிட்டல் ரிவர் 2025 தொடக்கத்தில் இயங்குவதை நிறுத்தியது. அப்படி நேர்ந்தால் புது இன்வாய்ஸ் நகல் கேட்க ஆளில்லை. ஆனாலும் உருவாக்கியவரிடம், ஒவ்வொரு விற்பனையின்போதும் அவருக்கு வந்த அறிவிப்பின் பதிவு பெரும்பாலும் இருக்கும். அதில் ஆர்டர் எண், பெயர், முகவரி, தேதி இருக்கும், கார்டு விவரம் இருக்காது. எனவே அவரிடம் கார்டு இலக்கத்தை அழுத்திச் சொல்வதில் பயனில்லை. பில் பெயர், ஊர், லைசன்ஸ் கீ, 'எபவுட்' சாளரப் படம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

மாற்றிக் கொடுத்த பிறகு

'மாற்றிவிட்டோம்' என்று பதில் வந்ததும் பழைய கணினியை உடனே துடைத்துவிட வேண்டாம். புதிய முகவரியில் நுழைந்து, லைசன்ஸ் உண்மையில் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். சில நேரம் புதிதாக ஒரு காலிக் கணக்கை உருவாக்கிவிட்டு, லைசன்ஸைப் பழையதிலேயே விட்டிருப்பார்கள். தெரிந்தால், கணக்கில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைத் திறந்து, உங்களுடையது அல்லாத எதையும் நீக்குங்கள். கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மீட்பு முகவரி என்று தனியாக ஒரு புலம் இருந்தால் அதில் இன்னும் பழைய டொமைன் உட்கார்ந்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

கடைசியாக விற்பனை நிறுவனத்துக்கு இன்னொரு அஞ்சல். உருவாக்கியவர் மாற்றியது லைசன்ஸ் கணக்கை மட்டும். ஆர்டர் பதிவில் `studio@example.com` அப்படியே இருக்கும், அடுத்த பதிப்பின் மேம்பாட்டு அறிவிப்பும் அதற்கான இணைப்பும் அந்த அந்நியர் பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும். அதே ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு, வாங்கியவர் முகவரியையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதை உறுதிசெய்யும் பதிலை, இன்வாய்ஸ் இருக்கும் அதே கோப்புறையில் பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.